ஏப்ரல் 2020 மற்ற ஏப்ரல்களைக் கெடுக்காமல் இருக்க

மாதாந்திர மின் நுகர்வைப் போக்கு, பருவம், எச்சம் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டும்படி கேட்பவர்கள் பெரும்பாலும் போக்குக் கோட்டைத்தான் பார்க்கிறார்கள். என் வேலைக்கு அதிகம் உதவுவது எச்சம். இந்த மாதம் வழக்கத்தைவிட எவ்வளவு விலகியது, ஏன் விலகியது என்ற கேள்வி அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் முதல் இரண்டையும் சரியாகப் பிரிக்காவிட்டால் எச்சம் பொய் சொல்லும்.

முதலில், எந்தத் தொடரை எடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங் எடுக்கிறார்கள். ஜூனில் பில்லான யூனிட்டில் ஏப்ரல், மே மாத நுகர்வும் கலந்திருக்கும். அந்த விற்பனைக் கணக்கைப் பிரித்தால் கோடை உச்சம் தள்ளிப்போய், தட்டையாகவும் தெரியும். விவசாய இணைப்புகள் பலவற்றில் மீட்டரே இல்லை. அங்கே வரும் எண் ஒரு மதிப்பீடு. அதனால் துணைமின் நிலையத்தில் ஃபீடர் வாரியாக, அதாவது அங்கிருந்து கிளம்பும் ஒவ்வொரு மின்பாதைக்கும் தனித்தனியாக அளந்த யூனிட்டையே எடுப்பது நல்லது.

அடுத்தது நாள் கணக்கு. 28 நாள் பிப்ரவரி, 31 நாள் ஜனவரியைவிட நாள் எண்ணிக்கையால் மட்டுமே 9.7 சதவீதம் குறையும். லீப் ஆண்டில் பிப்ரவரி 3.6 சதவீதம் கூடும். மாத மொத்தத்தை நாள் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு நாள் சராசரியாக மாற்றிவிட்டால் இந்தப் போலி ஏற்ற இறக்கம் போய்விடும். நுகர்வு வளர வளரக் கோடை உச்சமும் அதே விகிதத்தில் உயர்வதால் போக்கு, பருவம், எச்சம் மூன்றையும் கூட்டும் முறை பொருந்தாது, பெருக்கும் முறையே பொருந்தும். மடக்கை எடுத்தால் பெருக்கல் கூட்டலாகிவிடும்.

இனி ஏப்ரல் 2020. மார்ச் 25 முதல் ஊரடங்கு. ஆலைகள் நின்றன, கடைகள் மூடின. பழைய முறையில், 12 மாத நகரும் சராசரியை நடுப்படுத்திப் போக்கைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு மாதத்தையும் அதால் வகுப்போம். கணக்கு புரிவதற்காகச் சுற்று எண்களை வைத்துக்கொள்வோம். 2018 முதல் 2022 வரை ஏப்ரல் விகிதங்கள் 1.12, 1.11, 0.84, 1.13, 1.10. இவற்றின் சராசரி 1.06, நடு எண் 1.11.

சராசரியைப் பருவக் குறியீடாக வைத்தால் 2022 ஏப்ரல் கிட்டத்தட்ட 4 சதவீதம் அதிகமாகத் தெரியும். வெயில் கடுமையாக இருந்தது என்று யாராவது காரணமும் எழுதிவிடுவார்கள். நடு எண்ணை வைத்தால் அதே மாதம் 1 சதவீதம் குறைவு. ஊரடங்கின் தாக்கமும் 24 சதவீதத்துக்குப் பதிலாக 21 என்று சுருங்கித் தெரியும். ஒரே ஒரு மாதம் மற்ற நான்கு ஏப்ரல்களின் எச்சத்தையும் மேலே தள்ளிவிடுகிறது. போக்கும் தப்பாது: அந்த 24 சதவீதச் சரிவு நகரும் சராசரி வழியாக 2019 அக்டோபர் முதல் 2020 அக்டோபர் வரை பரவி, ஏறக்குறைய 2 சதவீதப் பள்ளத்தைப் போக்கில் தோண்டும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, எச்சத்தை மாத வாரியாக அடுக்கிப் பார்ப்பது. ஏதாவது ஒரு மாதத்தில் ஒரே ஒரு ஆண்டு பெரிய கழித்தலாகவும், மற்ற எல்லா ஆண்டுகளும் சிறிய கூட்டலாகவும் இருந்தால் பருவக் குறியீடு கெட்டிருக்கிறது. இதைத் தவிர்க்க நான் பயன்படுத்துவது STL, அதாவது அருகிலுள்ள மதிப்புகளை வைத்து மென்மையாக்கிப் பருவத்தையும் போக்கையும் பிரிக்கும் முறை:

```python
import numpy as np
from statsmodels.tsa.seasonal import STL
y = np.log(mu / mu.index.days_in_month)
r = STL(y, period=12, seasonal=13, robust=True).fit()
```

`mu` என்பது மில்லியன் யூனிட்டில் மாத மொத்தம். `robust=True` இருந்தால் ஒட்டாத மாதங்களின் எடை குறையும். `r.weights`-இல் 2020 ஏப்ரலின் எடை பூஜ்யத்தை ஒட்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஒரு மாதத்தின் பருவ மதிப்பை மென்மையாக்க எத்தனை ஆண்டுகளின் அதே மாதத்தைச் சேர்த்துப் பார்ப்பது என்பதே `seasonal`; அது இயல்பாக 7. அது மாதாந்திர மின் நுகர்வுக்குச் சிறியது என்பது என் கருத்து. பருவ வடிவம் ஆண்டுக்காண்டு வளைந்து கொடுத்து, எச்சத்துக்குப் போக வேண்டியதையும் விழுங்கிவிடும். எச்சம் சந்தேகப்படும் அளவுக்குச் சுத்தமாக இருந்தால் முதலில் இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் தீபாவளியின் தாக்கம் எச்சத்தில் தங்கிவிடும். பொங்கல் எப்போதும் ஜனவரி நடுவில் வருவதால் ஆலை விடுமுறையின் சரிவு பருவத்திலேயே அடங்கிவிடும். தீபாவளி 2022-இல் அக்டோபர் 24, 2023-இல் நவம்பர் 12. தொழிற்சாலைகள் அதிகமுள்ள ஃபீடர்களில் ஒரு மாதம் கூட்டல், பக்கத்து மாதம் கழித்தல் என்று எச்சம் ஜோடியாக வரும். அதை விடுமுறை நாள் எண்ணிக்கையோடு தனியாகப் பொருத்திப் பார்த்துக் கழித்த பிறகுதான் மீதியை வெப்பநிலையோடு ஒப்பிட வேண்டும்.

தொடரின் கடைசிப் பகுதியில் இன்னொரு சிக்கல். நகரும் சராசரி முறையில் கடைசி ஆறு மாதங்களுக்குப் போக்கே கிடைக்காது. STL கொடுக்கும், ஆனால் புது மாதங்கள் சேரச் சேர அந்த மதிப்புகள் மாறும். கடைசி மாதத்தின் எச்சத்தை அறிக்கையில் எழுதுமுன், தொடரை ஆறு மாதம் முன்பாக வெட்டி ஒருமுறை ஓட்டி, வெட்டிய தொடரின் கடைசி மாதத்துக்கு அப்போது கிடைக்கும் எச்சத்தை, அதே மாதத்துக்கு முழுத் தொடர் இப்போது தரும் எச்சத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் 2 சதவீதம் வேறுபட்டால், கடைசி மாதத்தில் தெரியும் 2 சதவீத விலகலுக்குக் காரணம் தேடத் தேவையில்லை.