மூன்று கற்பித்தல் முறைகள், ஒரு அனோவா: முன்நிபந்தனைகளை அறிக்கையில் எழுதுவது எப்படி?

பெங்களூரில் எம்.எட். ஆய்வேட்டுக்காக, அல்சூர்ப் பக்கம் தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் வரும் ஒரு மாலை நேர டியூஷன் மையத்தில் ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தை மூன்று முறைகளில் கற்பித்து, இறுதியில் நூறு மதிப்பெண்ணுக்கு ஒரே தேர்வை நடத்தினேன். முறைகள்: விரிவுரை, குழுக் கலந்துரையாடல், செயல்வழிக் கற்றல். அந்த ஆய்வில் ஒருவழி அனோவாவின் முடிவை எப்படி எழுதினேன் என்பதை, அதே வேலையில் இருப்பவர்களுக்காக இங்கே பகிர்கிறேன். எண்களைக் கையால் சரிபார்க்க வசதியாக முழு எண்களாக மாற்றியிருக்கிறேன். எழுதும் முறை மாறவில்லை.

பெரும்பாலான ஆய்வேடுகளில் முன்நிபந்தனைகள் என்ற தலைப்பின் கீழ் இயல்நிலைப் பரவலுக்கான ஷபிரோ-வில்க், சிதறல்களின் சமநிலைக்கான லெவீன் ஆகிய இரண்டு சோதனைகள் மட்டுமே இருக்கும். என் அனுபவத்தில், எந்த மென்பொருளும் சோதித்துச் சொல்லாத மூன்றாவது நிபந்தனைதான் முதலில் எழுதப்பட வேண்டியது. ஒரு மாணவரின் மதிப்பெண் மற்றொருவரின் மதிப்பெண்ணைச் சார்ந்திருக்கக் கூடாது என்பதே அது. வாய்மொழித் தேர்விலும் முதல் கேள்வி அதைப் பற்றித்தான் வந்தது: "பிள்ளைகளை எப்படிப் பிரித்தீர்கள்?"

ஏ பிரிவுக்கு விரிவுரை, பி பிரிவுக்குக் கலந்துரையாடல், சி பிரிவுக்குச் செயல்வழி என்று ஏற்கெனவே இருக்கும் பிரிவுகளை அப்படியே எடுத்துக்கொண்டால், முறையின் விளைவையும் பிரிவின் விளைவையும் பிரித்தறிய வழியே இல்லாமல் போகிறது. அதோடு, ஒரே வகுப்பறையில் அமர்ந்து ஒரே ஆசிரியரிடம் படிப்பவர்களின் மதிப்பெண்கள் ஓரளவு ஒன்றையொன்று ஒத்திருக்கும். இந்த ஒப்புமையை அளக்கும் வகுப்பு உள் ஒட்டுறவு வெறும் 0.1 என்றே வைத்துக்கொள்வோம். இருபது பேர் கொண்ட வகுப்பில் 1 + 19 × 0.1 = 2.9 என்ற பெருக்கம் வருகிறது. அதாவது அறுபது பேரின் தரவு, ஏறக்குறைய இருபத்தொரு பேரின் தரவுக்குரிய தகவலையே தருகிறது. ஆனால் அனோவா அறுபது பேர் என்றே கணக்கிட்டு, p மதிப்பை உண்மையைவிடச் சிறிதாகக் காட்டும். லெவீன், ஷபிரோ-வில்க் இரண்டிலும் தேறிய தரவிலும் இந்தக் குறை இருக்கலாம்.

ஆகவே அறுபது பேரையும் தனித்தனியாகக் குலுக்கல் முறையில் இருபது இருபதாகப் பிரித்து, மூன்று குழுவுக்கும் ஒரே ஆசிரியரைக் கொண்டு கற்பித்தோம். அப்படியும் சார்பு முழுவதும் நீங்கிவிடாது. ஒவ்வொரு குழுவும் சேர்ந்தே கற்கிறது. ஒரே தெருவில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் வழியில் பயிற்சித் தாள்களை மாற்றிக்கொள்கிறார்கள். இதை வரம்புகள் என்ற கடைசி அத்தியாயத்தில் ஒதுக்கிவைக்காமல், முடிவுகளுக்கு முன்பே எழுதிவிடுவது நேர்மையானது என்று நினைக்கிறேன். முழுப் பிரிவுகளைத்தான் பயன்படுத்த முடியும் என்றால், ஒரு முறைக்குப் பல பிரிவுகளை எடுத்துப் பலநிலை மாதிரியைப் பயன்படுத்த வேண்டும். சாதாரண அனோவா அதற்குப் போதாது.

அடுத்தது இயல்நிலைப் பரவல். அறுபது மதிப்பெண்களையும் ஒன்றாகக் கொட்டி ஷபிரோ-வில்க் சோதனை நடத்துவதைப் பல ஆய்வேடுகளில் பார்க்கலாம். குழுச் சராசரிகள் வேறுபடும்போது மொத்த மதிப்பெண்கள் இரண்டு மூன்று மேடுகளுடன் இருப்பது இயல்பே. அனோவா கேட்பது அதுவல்ல. ஒவ்வொரு மதிப்பெண்ணிலிருந்தும் அதன் குழுச் சராசரியைக் கழித்தால் கிடைக்கும் எச்சங்கள்தான் இயல்நிலைப் பரவலை ஒட்டியிருக்க வேண்டும். ஆர் மென்பொருளில் நான் பயன்படுத்திய வரிகள் இவை:

```
d$method <- factor(d$method)
m <- aov(mark ~ method, data = d)
qqnorm(residuals(m)); qqline(residuals(m))
shapiro.test(residuals(m))
car::leveneTest(mark ~ method, data = d)
summary(m)
TukeyHSD(m)
```

முதல் வரியை விட்டுவிடக் கூடாது. முறைகளை 1, 2, 3 என்று உள்ளிட்டிருந்தால், அந்த வரி இல்லாதபோது மென்பொருள் அவற்றை அளவுகளாகக் கருதி ஒரு நேர்கோட்டைப் பொருத்திவிடும். இதைக் கண்டுபிடிப்பது எளிது: அட்டவணையில் முறைக்குரிய கட்டின்மைக் கூறு 2 என்று வர வேண்டிய இடத்தில் 1 என்று இருக்கும்.

எச்சங்களுக்கு W = .980, p = .43 என்று வந்தது. கியூ-கியூ வரைபடத்திலும் புள்ளிகள் கோட்டை ஒட்டியே இருந்தன. இரண்டில் வரைபடத்தையே நான் கூடுதலாக நம்புவேன். மாதிரி சிறிதானால் இந்தச் சோதனை பெரிய கோணலையும் தவறவிடும். மாதிரி பெரிதானால் பொருட்படுத்த வேண்டாத கோணலுக்கும் எச்சரிக்கை தரும். லெவீன் சோதனையில் F(2, 57) = 0.74, p = .48. திட்ட விலக்கங்கள் முறையே 9, 8, 10 என்பதால், சிதறல் ஏறத்தாழ சமம் என்பது அட்டவணையைப் பார்த்தாலே தெரிகிறது. குழுக்களின் அளவு வேறுபட்டு, சிறிய குழுவில் சிதறல் அதிகமாக இருந்தால்தான் சாதாரண அனோவா ஆபத்தானது; அப்போது வேறுபாடு இல்லாத இடத்திலும் இருப்பதாகச் சொல்லிவிடும். அத்தகைய நிலையில் `oneway.test` தரும் வெல்ச் முறையையும், ஒப்பீட்டுக்குக் கேம்ஸ்-ஹோவெல் முறையையும் எழுதலாம்.

இவ்வளவுக்குப் பிறகுதான் முடிவு வருகிறது. சராசரிகள் 61, 66, 71. குழுக்களுக்கு இடையிலான வர்க்கங்களின் கூடுதல் 1000, குழுக்களுக்குள் 4655. ஆய்வேட்டில் இவ்வாறு எழுதினேன்:

"மாணவர்கள் தனித்தனியே சமவாய்ப்பு முறையில் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர், குழுவாகக் கற்றதால் எழக்கூடிய சார்பு இப்பகுப்பாய்வில் கணக்கில் கொள்ளப்படவில்லை. எச்சங்களின் பரவலும் சிதறல்களின் சமநிலையும் ஏற்கத்தக்கவையாக இருந்தன. தேர்வு மதிப்பெண்கள் கற்பித்தல் முறைக்கேற்ப வேறுபட்டன, F(2, 57) = 6.12, p = .004, η² = .18, ω² = .15. டூக்கி ஒப்பீட்டின்படி செயல்வழிக் குழு விரிவுரைக் குழுவைவிடச் சராசரியாக 10 மதிப்பெண் கூடுதலாகப் பெற்றது, 95% நம்பக இடைவெளி [3.1, 16.9]. மற்ற இரு ஒப்பீடுகளிலும் வேறுபாடு 5 மதிப்பெண், இடைவெளி [−1.9, 11.9]."

η² உடன் ω² மதிப்பையும் தந்ததற்குக் காரணம் உண்டு. சிறிய மாதிரியில் η² விளைவைச் சற்று மிகைப்படுத்தும். ω² அந்த மிகையைக் குறைத்துக் காட்டும். எஸ்பிஎஸ்எஸ்ஸின் பழைய பதிப்புகளைப் பயன்படுத்துவோர் .000 என்று திரையில் வருவதை அப்படியே எழுதாமல் p < .001 என்று எழுத வேண்டும்.

கடைசி வாக்கியத்தை எழுதும்போதுதான் கை தடுமாறும். கலந்துரையாடலுக்கும் விரிவுரைக்கும் வேறுபாடு இல்லை, கலந்துரையாடலுக்கும் செயல்வழிக்கும் வேறுபாடு இல்லை என்று எழுதிவிட்டால், விரிவுரையும் செயல்வழியும் மட்டும் எப்படி வேறுபடுகின்றன என்று படிப்பவர் கேட்பார். அவ்விரு ஒப்பீடுகளின் நம்பக இடைவெளியில் சுழியமும் இருக்கிறது, 11.9 மதிப்பெண் என்ற பெரிய வேறுபாடும் இருக்கிறது. ஆகவே "வேறுபாடு இல்லை" என்பதற்குப் பதிலாக, "கலந்துரையாடல் முறை இவ்விரண்டில் எதற்கு நெருக்கமானது என்பதை ஒரு குழுவுக்கு இருபது பேர் என்ற இந்த மாதிரியைக் கொண்டு தீர்மானிக்க இயலவில்லை" என்று எழுதினேன்.