வெள்ளிக்கிழமை 4 மணிக்கு முடியாத ஸ்பிரெட்

நியூ ஜெர்சியில் இருந்தபடி அமெரிக்க ஷேர்களில் புட் ஸ்பிரெட் விற்பது சில வருடங்களாக என் வழக்கம். குறித்த விலைக்கு ஷேரை விற்கும் உரிமைதான் புட் ஆப்ஷன்; ஒன்றை விற்று, காவலுக்கு அதைவிடக் குறைந்த விலையில் இன்னொன்றை வாங்கினால் ஸ்பிரெட். அதில் ஒரு வெள்ளிக்கிழமை நடந்ததை எழுதி வைக்கிறேன். ஆப்ஷன் காலாவதியாகும் எக்ஸ்பைரி நாளில் கடைசி மணிநேரம் வரை காத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு மென்பொருள் நிறுவனத்தின் ஷேரில் 100 டாலர் புட்டை விற்று, 95 டாலர் புட்டை வாங்கியிருந்தேன். ஐந்து கான்ட்ராக்ட், அதாவது 500 ஷேருக்கு. கைக்கு வந்தது 300 டாலர். 95 புட் காவலுக்கு இருப்பதால் எவ்வளவு விழுந்தாலும் 2,200 டாலருக்கு மேல் போகாது என்பது கணக்கு.

வெள்ளி மதியம் 3:15-க்கு ஷேர் 100.40-ல் நின்றது. ஸ்பிரெட்டைத் திரும்ப வாங்கி முடிக்க 75 டாலர் ஆகும். முக்கால் மணி நேரம் பொறுத்தால் அந்த 75-ம் நமக்குத்தானே என்று விட்டுவிட்டேன். 99.90, 100.10, மறுபடி 99.95 என்று ஷேர் 100-ஐச் சுற்றியே வந்தது. கடைசியில் 100.06-ல் முடிந்தது. ஆறு சென்ட் தள்ளி நிற்கிறது, புட் காலாவதி ஆகிவிடும் என்று லேப்டாப்பை மூடினேன்.

நான் தவறவிட்டது இங்கேதான். 4 மணிக்கு நிற்பது ஆப்ஷனை வாங்கி விற்பது மட்டும். ஒரு சென்ட்டாவது லாபத்தில் முடிந்த ஆப்ஷனை ஆப்ஷன் கணக்குகளைத் தீர்க்கும் கிளியரிங் கார்ப்பரேஷன் தானாகவே எக்ஸர்சைஸ் செய்துவிடும், அதாவது அந்த உரிமையைப் பயன்படுத்திவிடும். ஆனால் கையில் வைத்திருப்பவர் அதற்கு மாறாகவும் சொல்லலாம்: லாபத்தில் இருப்பதை வேண்டாம் எனலாம், நஷ்டத்தில் முடிந்ததை எக்ஸர்சைஸ் செய் எனலாம். அதற்கு கிழக்கு நேரம் 5:30 வரை அவகாசம் உண்டு. பல புரோக்கர்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு இதைவிட முன்னதாகவே கெடு வைக்கிறார்கள். ஷேரோ 4 மணிக்குப் பிறகும் கைமாறிக்கொண்டிருக்கும்.

4:35-க்கு, வருமானம் எதிர்பார்த்ததைவிடக் குறையும் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. ஷேர் 97-க்கு வந்தது. 100 புட் வைத்திருப்பவர்கள் 97-க்கு ஷேரை வாங்கி, புட்டைக் காட்டி 100-க்கு என் தலையில் கட்டலாம். சும்மா விடுவார்களா?

4:50-க்கு புரோக்கரை அழைத்தேன். எடுத்தவர் பொறுமையாகப் பேசினார். "உங்கள் 95 புட்டை இப்போதும் எக்ஸர்சைஸ் செய்யலாம், இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. எத்தனை கான்ட்ராக்ட் என்று சொல்லுங்கள்" என்றார். அதுதான் எனக்குத் தெரியாது. ஐந்தும் என்மேல் வருமா, இரண்டு வருமா, ஒன்றுமே வராதா? புட் வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் எக்ஸர்சைஸ் செய்கிறார்களோ அத்தனைக்குத்தான் அசைன்மென்ட், அதாவது புட்டை விற்றவர் ஷேரை வாங்கியாக வேண்டிய கட்டாயம். அது யார் தலையில் விழும் என்பதும் குலுக்கல் போலத்தான். ஐந்தையும் எக்ஸர்சைஸ் செய்து எனக்கு ஒன்றும் வராவிட்டால், 97 பெறும் ஷேரை 95-க்கு விற்றவனாக, கையில் இல்லாத 500 ஷேருக்குக் கடன்பட்டு நிற்பேன். ஆங்கிலத்தில் pin risk என்பது இந்த எண்ணிக்கை தெரியாத நிலைதான். அன்று ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தேன்.

சனிக்கிழமை காலை கணக்கைத் திறந்தால் 300 ஷேர், விலை 100, மொத்தம் 30,000 டாலர். கணக்கில் இருந்ததோ 9,400. மேலே சிவப்பில், பணம் போடச் சொல்லி மார்ஜின் கால். ஐந்தில் மூன்று வந்திருந்தது. 95 புட்கள் இருந்த வரிகளே இல்லை. சனி, ஞாயிறு சந்தை கிடையாது, எதுவும் செய்ய வழியில்லை.

திங்கள் காலை 91-ல் திறந்தது. திறந்தவுடன் விற்றேன். ஷேருக்கு 9 டாலர் வீதம் 2,700 போனது. முதலில் கைக்கு வந்த 300 டாலரைக் கழித்தால் 2,400 நஷ்டம். மூன்றே கான்ட்ராக்ட் வந்தும், ஐந்துக்கும் சேர்த்துப் போட்ட 2,200 என்ற எல்லை தாண்டிவிட்டது. ஐந்தும் வந்திருந்தால் 4,200. அந்த எல்லை இரண்டு புட்டும் சேர்ந்து இருக்கும்வரைதான். வாங்கிய புட் வெள்ளியோடு போய்விட, விற்ற புட் ஷேராக மாறி திங்கள் வரை என்னோடு வந்துவிட்டது.

இப்போது வெள்ளி 2:30-க்கு ஷேர் விற்ற புட்டில் குறித்த விலையான ஸ்டிரைக்கிலிருந்து இரண்டு சதவீதத்துக்குள் இருந்தால் அப்போதே முடித்துவிடுகிறேன், விலை பேசுவதில்லை. கடைசி நிமிடம் வரை வைத்தே ஆக வேண்டும் என்றால் S&P 500 குறியீட்டைச் சார்ந்த XSP போன்ற ஆப்ஷனுக்குப் போகிறேன். அதில் வித்தியாசம் பணமாகவே தீரும், ஷேர் கைக்கு வராது. சில நாள் ஸ்பிரெட்டாக முடிக்க நல்ல விலை கிடைக்காது. அப்போது விற்ற புட்டை மட்டும் திரும்ப வாங்குகிறேன். கீழே தூரத்தில் இருக்கும் 95 புட் ஒரு சென்ட்டுக்கும் போகாது, அதை அப்படியே காலாவதியாக விட்டுவிடுகிறேன்.