25 மில்லி துளையில் கீவே: எதிர்ச் சுவரிலிருந்து அளந்து பார்த்தது

சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் மாவு மில் வைத்திருக்கும் அக்காவுக்கு ஒரு புல்லி தேவைப்பட்டது. புல்லியை ஷாஃப்டோடு பூட்டும் கீ என்ற இரும்புக் கட்டை உட்காரும் பள்ளம்தான் கீவே. பழையதில் அதன் ஓரம் உடைந்து ஷாஃப்டில் லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது. வார்ப்பிரும்பில் புதுப் புல்லி வாங்கி, துளையை 25 மில்லிக்குக் கடைந்து, கீவேயை என் சின்ன லேத்திலேயே வெட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மூன்று சனிக்கிழமை ஆனது. வெட்டுவதில் சிரமமில்லை. ஆழத்தை எங்கிருந்து அளப்பது என்பதில்தான் அவ்வளவு நேரமும் போனது.

25 மில்லி ஷாஃப்டுக்கு, கீ அளவுகளுக்கான ஜெர்மன் தரநிலையான டின் 6885 அட்டவணையில் 8 அகலம், 7 உயரம் உள்ள கீ. ஷாஃப்டில் 4 மில்லி ஆழம், ஹப்பில், அதாவது புல்லியின் துளைப் பக்கத்தில், 3.3 மில்லி. ஸ்பிண்டிலைப் பூட்டிவிட்டு, 8 மில்லி அகல டூலைக் கம்பியில் மாட்டி, கேரேஜைக் கையால் முன்னும் பின்னும் ஓட்டி வெட்டினேன். டூல் துளைச் சுவரைத் தொட்டதும் டயலைச் சுழியமாக்கிக்கொண்டேன். அங்கிருந்து ஒரு ஓட்டத்துக்கு 0.03 வீதம் 3.3 வரும்வரை போனேன். நூறு தடவைக்கு மேல் இழுத்ததில் தோள் வலித்தது.

அப்புறம் கீயை ஷாஃப்டில் வைத்துப் புல்லியை ஏற்றினால் ஏறவில்லை. கீ அகலத்தில் தாராளமாக நுழைந்தது, ஆனால் தலை இடித்தது. சுத்தியலால் தட்டி ஏற்றியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் கீயின் தலை புல்லியை ஒரு பக்கமாகத் தூக்கி நிறுத்தியிருக்கும், பெல்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் உதறியிருக்கும். இந்த வகைக் கீ பக்கச் சுவர்களால்தான் இழுக்க வேண்டும், தலைக்கு மேல் கொஞ்சம் இடைவெளி இருந்தே ஆகவேண்டும். சரிவுள்ள கீ வேறு கணக்கு, அது தலையிலேயே இறுகும்.

பக்கத்து வீட்டு மாமா செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். புல்லியை வாங்கித் துளைக்குள் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எதிர்ச் செவுத்துல இருந்து எவ்ளோ வருது தம்பி?"

நான் அதை அளக்கவே இல்லை. வெர்னியரின் உள் தாடைகளை வைத்துப் பார்த்தேன். கீவேயின் அடித்தளத்திலிருந்து நேர் எதிரே உள்ள துளைச் சுவர்வரை 27.6. இருக்க வேண்டியது துளை 25 கூட்டல் 3.3, அதாவது 28.3. மேல் பக்கம் 0.2 வரை விடலாம், கீழே போகவே கூடாது. ஏறக்குறைய 0.7 குறைவாக வெட்டியிருக்கிறேன்.

அந்த 0.7 எங்கே போனது என்று அன்றிரவு தாளில் போட்டுப் பார்த்தேன். துளைச் சுவர் வளைவானது, டூலின் முனை தட்டையானது. தட்டையான முனை உள்வளைவைத் தொடும்போது அதன் இரண்டு மூலைகள்தான் முதலில் தொடும், நடுப்பகுதி இன்னும் காற்றில் இருக்கும். நடுவில் எவ்வளவு இடைவெளி என்றால்:

```
12.5 - √(12.5² - 4²) = 0.657
```

என் சுழியம் 0.657 மில்லி முன்னாலேயே விழுந்திருக்கிறது. அட்டவணை சொல்லும் 3.3 வளைவின் உச்சியிலிருந்து எண்ணுவது. கீவே வெட்டியதும் அந்த உச்சியே வெட்டுப்பட்டுப் போய்விடுகிறது. மிஞ்சுவது கீவேயின் ஓரங்கள் மட்டும். சரியாக வெட்டிய ஒரு கீவேயில் அந்த ஓரத்திலிருந்து அளந்தால் ஆழம் 3.96 வரும், 3.3 வராது. உச்சி இல்லாத இடத்தில் கைவைக்க ஒரு உறுதியான சுவர் வேண்டுமென்றால் எதிர்ப்பக்கம்தான். மாமாவின் கேள்விக்கு அர்த்தம் அப்போதுதான் பிடிபட்டது.

அடுத்த சனிக்கிழமை இன்னும் 0.75 ஆழமாக்கினேன். வெர்னியரை உள்ளே விட்டு, துளை அளக்கும் பழக்கத்தில் இடவலமாக ஆட்டி அதிகபட்ச எண்ணைத் தேடினேன். 28.6 காட்டியது. ஓவராக வெட்டிவிட்டேன் என்று வயிறு கலங்கிப்போனது.

உண்மையில் வெட்டு சரியாக இருந்தது, அளந்த விதம்தான் தப்பு. வட்டத் துளையில் குறுக்கே அதிகபட்சம் தேடுவது சரி. கீவேயின் அடித்தளமோ தட்டை. ஒரு தாடை அதன் மூலைப் பக்கம் ஒதுங்கி, மறு தாடை எதிரில் அதற்கேற்ப நகர்ந்தால், அளவு மூலைவிட்டமாகக் கூடிக்கொண்டே போகும். நடுவிலிருந்து 3 மில்லி ஒதுங்கினாலே 0.28 கூடுதலாகக் காட்டும். அனுமதிக்கப்பட்ட 0.2 முழுவதையும் அதுவே விழுங்கிவிடும்.

இதற்கு நான் கண்ட வழி இது. புல்லியைச் சக்கிலிருந்து கழற்றாமல், ஸ்பிண்டில் பூட்டியபடியே, கூர்முனை உள்ள ஒரு டூலை அதே மைய உயரத்தில் மாட்டி எதிர்ச் சுவரில் மெல்லிய கோடு ஒன்று இழுத்தேன். அது கீவேயின் நடுவுக்கு நேர் எதிரே விழும். ஒரு தாடையை அந்தக் கோட்டில் ஊன்றி நிறுத்திக்கொண்டு, மறு தாடையைக் கீவேக்குள் இடவலமாக நகர்த்தினால் எண் இறங்கி மறுபடி ஏறும். இறங்கிய அந்த மிகக் குறைந்த எண்தான் நமக்கு வேண்டியது. துளையின் நீளவாக்கில் ஆட்டினாலும் குறைந்த எண்ணையே எடுக்க வேண்டும். இப்படி அளந்தபோது துளையின் முன்வாயில் 28.36 வந்தது.

பின்வாயில் 28.21. கம்பி வளைந்து கொடுத்ததால் டூல் அங்கே சரியாகக் கடிக்கவில்லை. ஒரு வாயில் மட்டும் அளந்திருந்தால் இதைத் தவறவிட்டிருப்பேன். டயலைத் தொடாமல் பத்துப் பதினைந்து தடவை வெறுமனே ஓட்டினேன். பொடி உதிர்ந்துகொண்டே இருந்தது, அது நின்றதும் மறுபடி அளந்தேன். முன்வாயில் 28.38, பின்வாயில் 28.33.

மூன்றாம் சனிக்கிழமை ஏற்றுவதற்கு முன் துளையையும் தனியாக அளந்தேன், கீவேக்குக் குறுக்கே. 25.02. 28.33 என்ற எண்ணுக்குள் துளையின் விட்டமும் அடங்கியிருப்பதால் இதைப் பார்க்காமல் விடக்கூடாது. தேய்ந்த துளையைப் பெரிதாக்கி 25.3 ஆக்கியிருந்தால், அதே 28.33-இல் கீவேக்கு மிஞ்சுவது 3.03 மட்டுமே. என்னுடையதில் 28.33-இலிருந்து 25.02 போக 3.31 நிற்கிறது.

ஷாஃப்டையும் இதே மாதிரி எதிர்ப்பக்கத்திலிருந்து அளந்தேன். விட்டம் 24.98, கீவே அடியிலிருந்து எதிர்ப்பக்கம்வரை 20.92, ஆக ஆழம் 4.06. கீயின் உயரம் 6.97. ஷாஃப்டுக்கு மேலே கீ 2.91 நிற்கும், ஹப்பில் இருக்கும் இடம் 3.31. தலைக்கு மேல் 0.4 மிஞ்ச வேண்டும்.

புல்லி கையழுத்தத்திலேயே ஏறியது. கீயின் தலைக்கு மேல் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தேன். 0.35 இரண்டு வாயிலும் தாராளமாகப் போனது, 0.50 எந்தப் பக்கமும் போகவில்லை. மாமா புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் திருகிப் பார்த்தார், பக்கவாட்டில் ஆட்டமில்லை. அன்று மாலையே அக்கா பெல்ட்டை மாட்டி மூன்று கிலோ அரிசி அரைத்தார்.