ஜெர்மனிக்கு ஃபோட்டோவோடு, இங்கிலாந்துக்கு ஃபோட்டோ இல்லாமல்: ஒரு நர்ஸின் விண்ணப்ப அனுபவம்

வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கு கன்சல்டன்சி வழியாகப் போகிறவர்கள் யாராக இருந்தாலும், அவர்கள் உங்கள் பெயரில் என்ன அனுப்புகிறார்கள் என்பதைக் கையில் வாங்கி வரிவரியாகப் படித்துவிடுங்கள். என் விஷயத்தில் கும்பகோணத்தில் இருந்த அந்த அலுவலகம் அதைக் காட்டவே இல்லை. கேட்டபோதெல்லாம் "அது ஆபீஸ் காப்பிம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்ற பதில்தான். மன்னார்குடி பக்கத்து கிராமத்திலிருந்து பஸ் மாறிப் போய், மாலை வரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய நாட்கள் உண்டு.

நான் பி.எஸ்சி. நர்சிங். தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யு.வில் வேலை. ஜெர்மன் மொழியில் பி2 வரை படித்து, சென்னையில் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். இங்கிலாந்துக்கான ஆங்கிலத் தேர்வும், கணினியில் எழுதும் நர்சிங் தேர்வும் முடிந்திருந்தன. அந்தக் கட்டங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, படித்தால் தேறலாம். சிக்கல் வந்ததெல்லாம் விண்ணப்பக் காகிதத்தில்தான்.

கடைசியில் அந்த பயோடேட்டாவை நான் பார்த்தது, அதே கல்லூரியில் எனக்கு சீனியராக இருந்து இப்போது ஜெர்மனியில் வேலை பார்க்கும் அக்கா மூலம். அவர் வேலை செய்யும் மருத்துவமனைக்கே அது போயிருந்தது. ஃபோனில் எடுத்த எடுப்பில் "என்னடி இது, கல்யாணத்துக்குக் குடுக்கிற மாதிரி அனுப்பியிருக்க?" என்று கேட்டார். பி.டி.எஃப்.பை வாங்கித் திறந்தேன். நான்கு பக்கம். முதல் பக்கத்தில் நீலப் பின்னணியில் பாஸ்போர்ட் சைஸ் படம், முகத்தை கம்ப்யூட்டரில் வெளுத்திருந்தார்கள். கீழே அப்பா பெயர், அப்பாவின் தொழில், மதம், சாதிப் பிரிவு, திருமணமாகாதவர், உயரம், எடை, பாஸ்போர்ட் எண். கடைசிப் பக்கத்தில் "மேற்கண்டவை அனைத்தும் உண்மை என உறுதி கூறுகிறேன்". பின்னால் ஆதார் நகலும் பான் கார்டு நகலும். தொடர்புக்கு என் மின்னஞ்சல் இல்லை, கன்சல்டன்சியின் மின்னஞ்சல்தான் இருந்தது.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்பது நம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். டெல்டாவில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருந்திருப்பார். அங்கே பல கம்பெனிகள் ஃபோட்டோ, மதம், திருமண நிலை, பாஸ்போர்ட் விவரம் எல்லாம் கேட்கும், கொடுப்பதும் வழக்கம். அந்த ஒரே அச்சில் ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதற்கு ஃபீஸ் வேறு.

அதைவிடப் பெரிய கோபம் ஒன்று. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் தென்னந்தோப்பு முழுவதும் போய்விட்டது. திருவாரூரில் அப்போதுதான் சேர்ந்திருந்த வேலையை விட்டுவிட்டு அடுத்த வருடம் ஜூன் வரை வீட்டில் இருந்தேன். பாட்டி படுக்கையில், அப்பா தோப்பில். கன்சல்டன்சியில் இதைத் தெளிவாகச் சொல்லியிருந்தேன். அவர்கள் மாதங்களை எடுத்துவிட்டு, முதல் வேலைக்கு "2018–2019" என்றும் அடுத்ததற்கு "2019 முதல்" என்றும் போட்டுவிட்டார்கள். பார்த்தால் இடைவெளியே இல்லாதது போல இருக்கும். ஆனால் இணைத்திருந்த அனுபவச் சான்றிதழில் நவம்பர் 2018 என்று தேதி இருக்கிறதே. ஜெர்மன்காரர்கள் இரண்டையும் வைத்துப் பார்ப்பார்கள். பார்த்தார்கள். மாதம், வருடத்தோடு இடைவெளி இல்லாத வாழ்க்கைக் குறிப்பு அனுப்பச் சொல்லி மின்னஞ்சலும் போட்டார்கள். அது கன்சல்டன்சியின் பெட்டியில் திறக்கப்படாமலே கிடந்தது. அக்கா விசாரித்துச் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

அன்றே என் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அசலைக் கொடுக்க மாட்டேன் என்று ஆரம்பத்திலேயே நின்றதால் நகல்களோடு முடிந்தது. அசலை ஒப்படைத்துவிட்டு அலைகிற பெண்களை அந்த அலுவலகத்திலேயே பார்த்தேன்.

பிறகு அக்கா சொல்லச் சொல்ல நானே எழுதினேன். ஜெர்மனிக்கு மூன்று துண்டு: ஒரு கடிதம், ஒரு வாழ்க்கைக் குறிப்பு, அதன் பின்னால் சான்றிதழ்கள். எல்லாம் ஒரே பி.டி.எஃப்.பாக. கடிதம் ஏ4 தாளில் ஒரே பக்கம், அதற்கு மேல் ஒரு வரிகூடப் போகக் கூடாது. விளம்பரத்தில் பொறுப்பாளர் பெயர் இருந்தால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் விளிக்க வேண்டும். நம் ஊர்க் கடிதம் போல "பணிவன்புடன் வேண்டிக்கொள்கிறேன்" என்று குனியத் தேவையில்லை. இந்த மருத்துவமனை ஏன், நான் என்ன செய்துவந்திருக்கிறேன், மொழி எந்த அளவு, எப்போது வர முடியும். இவ்வளவுதான். என் முதல் வரைவு இரண்டு பக்கம் வந்தது. அக்கா பாதியை அடித்துவிட்டு, "நீ நல்லவங்கிறத அவங்க சான்றிதழ்ல பாத்துப்பாங்க, இங்க வேலையைச் சொல்லு" என்றார்.

வாழ்க்கைக் குறிப்பு அட்டவணை மாதிரி இருக்கும். இடது பக்கம் மாதமும் வருடமும், வலது பக்கம் வேலை, கடைசியாகச் செய்தது மேலே. கஜா இடைவெளியை "12/2018 – 06/2019: புயல் பாதிப்புக்குப் பின் குடும்பப் பொறுப்பு, பாட்டியைப் பராமரித்தல்" என்று ஒரே வரியில் வைத்தோம். மறைக்கவும் இல்லை, கதையாக விரிக்கவும் இல்லை. முடிவில் ஊர், தேதி, கையெழுத்து. உறுதிமொழி வாசகம் கிடையாது, அந்தக் கையெழுத்தே போதும். பிறந்த தேதி, பிறந்த ஊர் போடுவது வழக்கம். மதமும் பெற்றோர் விவரமும் வேண்டாம். திருச்சபைகள் நடத்தும் சில மருத்துவமனைகள் மதத்தைக் கேட்கக்கூடும், அப்படிக் கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஃபோட்டோ விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. 2006-இல் வந்த சமத்துவச் சட்டத்துக்குப் பிறகு அங்கே ஃபோட்டோ வைப்பது கட்டாயம் இல்லை. ஆனாலும் வைத்து அனுப்புகிற பழக்கம் போகவில்லை. சில இடங்கள் படம் வேண்டாம் என்று விளம்பரத்திலேயே சொல்லிவிடும், அங்கே வைக்கக் கூடாது. சொல்லாத இடத்தில் நான் வைத்தேன். அதை எடுக்கத்தான் பாடுபட்டேன். மன்னார்குடியில் ஸ்டுடியோக்காரர் "சிரிக்காதீங்கம்மா, ரிஜக்ட் ஆயிடும்" என்று விறைப்பாக உட்காரவைத்தார். "பாஸ்போர்ட்டுக்கு இல்லண்ணே, வேலைக்கு" என்று எவ்வளவு சொல்லியும் அதே நீலத் திரை, அதே முகவெளுப்பு. காசு கொடுத்துவிட்டுத் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. தஞ்சாவூரில் ஒருவரிடம் அக்காவின் படத்தையே மாதிரி காட்டினேன்: வெளிர் பின்னணி, நெஞ்சு வரை, உடல் லேசாகத் திரும்பியபடி, பல் தெரியாத சிறு புன்னகை. நிறத்தில் கை வைக்க வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லி எடுத்தேன். வீடியோ நேர்காணலில் அவர்கள் பார்க்கப்போவது நிஜ முகத்தைத்தானே.

இங்கிலாந்துக்கு இதை அப்படியே தலைகீழாக்க வேண்டும். அரசு மருத்துவமனை வேலைகள் பெரும்பாலும் இணையப் படிவம் வழியாகத்தான். ஃபோட்டோ கிடையாது. வேறு இடங்களுக்குத் தனியாக சி.வி. அனுப்பினாலும் ஃபோட்டோ, பிறந்த தேதி, திருமண நிலை எதுவும் போடுவதில்லை, இரண்டு பக்கத்துக்குள் முடிப்பார்கள். வயது, இனம், மதம், பாலினம் பார்த்து ஆள் எடுத்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்பது அங்கே 2010 சமத்துவச் சட்டத்தின் கவலை. படிவத்தில் ஓர் இடத்தில் மதமும் இனமும் கேட்டபோது குழம்பினேன். அது கணக்கெடுப்புக்கான தனிப் பகுதி, ஆளைத் தேர்ந்தெடுப்பவர்கள் கண்ணில் படாது. சொல்ல விரும்பவில்லை என்றும் குறிக்கலாம்.

ஆளைப் பற்றிய விவரம் இவ்வளவு குறைகிறதே, எழுதுவதும் குறையும் என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியில் முகம் காட்டிச் சுருக்கமாகப் பேச வேண்டும். இங்கிலாந்தில் முகத்தை மறைத்து, செய்த வேலையை விரித்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் என்னென்ன தகுதி வேண்டும் என்று ஒரு பட்டியல் இணைத்திருப்பார்கள். விண்ணப்பத்துக்கு ஆதரவாக நம்மைப் பற்றி எழுதும் பகுதியில் அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் ஆதாரம் இருக்க வேண்டும். கன்சல்டன்சி எனக்காக அனுப்பியிருந்ததில் "கடின உழைப்பாளி, நேர்மையானவர், குழுவாக வேலை செய்யக்கூடியவர்" என்று ஒரு பத்திதான். எங்கிருந்தும் அழைப்பு வராததில் ஆச்சரியமில்லை.

நான் மாற்றி எழுதியதில் ஒன்றைச் சொல்கிறேன். பட்டியலில் "நோயாளியின் நிலை மோசமாவதைக் கண்டறிந்து செயல்படும் திறன்" என்று இருந்தது. அதற்கு ஓர் இரவு ஷிஃப்டை எடுத்துக்கொண்டேன். வயிற்று அறுவை முடிந்து வந்தவர், இரத்த அழுத்தம் இன்னும் பெரிதாக விழவில்லை, ஆனால் மணிக்கு மணி அளந்த சிறுநீர் குறைந்துகொண்டே வந்தது, நாடித்துடிப்பு ஏறியது. டியூட்டி டாக்டரை அழைத்து எந்த வரிசையில் சொன்னேன், அவர் வரும்வரை என்ன தயார் செய்தேன், எதைக் குறித்து வைத்தேன், காலை ஷிஃப்டுக்கு எப்படி ஒப்படைத்தேன் என்று எழுதினேன். நோயாளியின் பெயரோ அடையாளமோ எங்கும் இல்லை, அதுவும் அவர்கள் கவனிக்கும் விஷயம். "நாங்கள்" என்று வந்த இடங்களையெல்லாம் "நான்" ஆக்கினேன். நம் பழக்கத்துக்கு அது கூச்சமாக இருக்கும். ஆனால் நீங்கள் செய்தது எது என்று தெரியாவிட்டால் அவர்களால் மதிப்பெண் போட முடியாது.

கஜா இடைவெளி அங்கேயும் கேட்கப்பட்டது, படிவத்திலேயே அதற்கு இடம் உண்டு. அதே உண்மையை அங்கேயும் எழுதினேன். இரண்டு நாட்டிலும் தேதிகள் ஒன்றுபோல் இருக்கட்டும்.

இப்போது நிலவரம்: இங்கிலாந்தில் ஓர் இடத்தில் நேர்காணலுக்கு அழைத்தார்கள். அதற்குள் ஜெர்மனியில் வேறொரு மருத்துவமனை ஒப்பந்தம் அனுப்பிவிட்டது. அங்கே வீடியோ நேர்காணல் எடுத்த அம்மா முதலில் கேட்டதே புயலைப் பற்றித்தான். பாட்டியை எப்படிப் பார்த்துக்கொண்டேன், படுக்கைப்புண் வராமல் என்ன செய்தேன் என்று விசாரித்தார். கன்சல்டன்சி ஒளித்து வைத்த அந்த மாதங்களைப் பற்றித்தான் நான் ஜெர்மனில் தடுமாறாமல் பேசினேன்.

விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு. ஸ்கேன் செய்யும் கடையில் கோப்பின் அளவைப் பாருங்கள். நிறைய இடங்களில் இத்தனை எம்.பி.க்குள் என்று வரம்பு இருக்கும், கலரில் பெரிதாக ஸ்கேன் செய்தது போய்ச் சேராது. அப்புறம், வேலைக்காக எடுத்த சிரித்த படத்தை ஜெர்மன் விசா படிவத்தில் ஒட்டிவிடாதீர்கள். அதற்கு 35-க்கு 45 மில்லிமீட்டரில், வாய் மூடி, புன்னகை இல்லாத படம் தனியாக வேண்டும். அந்தப் படத்துக்கு மன்னார்குடி அண்ணனிடமே போகலாம், நீலத் திரையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.