ரவுப்பிலிருந்து வந்த மஞ்சள் கற்கள்: தங்கமா, பைரைட்டா என்று நான் பிரித்தறிந்த விதம்

பகாங் மாநிலத்தின் ரவுப் வட்டாரத்தில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே பெரிய அளவில் தங்கம் தோண்டப்பட்டு வந்திருக்கிறது. அங்கிருக்கும் என் மாமா, தமது தோட்டத்து வாய்க்காலைச் செப்பனிட்டபோது கிடைத்த மஞ்சள் மினுக்கமுள்ள மூன்று கற்களைக் கோலாலம்பூரில் என் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். ஒன்று சதுர முகங்கள் கொண்ட கனத்த கட்டி. இன்னொன்று பித்தளை போலப் பளபளத்து, ஆங்காங்கே நீலமும் ஊதாவும் படர்ந்திருந்த சிறு துண்டு. மூன்றாவது, பொட்டுப் பொட்டாக மஞ்சள் மணிகள் பதிந்த வெள்ளைக் குவார்ட்ஸ். வீட்டில் இருக்கும் பொருள்களை மட்டும் வைத்துக்கொண்டு இவை மூன்றையும் அடையாளம் காண முடியுமா என்று பார்த்தேன். முடிந்தது. ஆனால் ஒவ்வொரு கல்லுக்கும் ஒவ்வொரு சோதனை முடிவைச் சொன்னது என்பதால், அதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது கழுவுவது. பைரைட் என்பது தங்கம் போல மின்னும், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்; நம் ஊர் மழைக்கும் ஈரத்துக்கும் அது எளிதில் துருப்பிடித்துவிடும். அந்தத் துரு மஞ்சள் கலந்த பழுப்பாக மேலே படியும். அதன்மீது சோதனை செய்தால் கிடைப்பது துருவின் குணமே தவிர கல்லின் குணம் அல்ல. ஆகவே பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, புதிதாக உடைந்த முகம் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதில்தான் எல்லாச் சோதனைகளையும் செய்தேன்.

கீறல் சோதனைக்குத் தையல் ஊசியும் பேனாக் கத்தியும் போதும். சதுரக் கட்டியில் கத்தி வழுக்கிக்கொண்டு போனது. கல்லில் தடமே விழவில்லை. அதே கட்டியின் முனையை ஒரு பழைய கண்ணாடிப் புட்டியில் அழுத்தி இழுத்தபோது கண்ணாடியில்தான் கீறல் விழுந்தது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் பைரைட் 6 முதல் 6.5 வரை நிற்கும், கண்ணாடி ஏறக்குறைய 5.5, தங்கமோ 2.5 முதல் 3 வரைதான். கண்ணாடியைக் கீறும் மஞ்சள் கல் எதுவானாலும் அது தங்கம் அல்ல என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம்.

சிக்கல் தந்தது இரண்டாவது துண்டு. அதில் கத்தி சுலபமாகக் கீறியது. புதிதாக இத்துறைக்கு வருகிறவர்கள் ‘கத்தி இறங்குகிறது, ஆகவே மென்மையானது, ஆகவே தங்கம்’ என்று முடிவு கட்டிவிடுவது இந்த இடத்தில்தான். செம்பும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த சால்கோபைரைட் என்னும் கனிமத்தின் கடினம் 3.5 முதல் 4 வரை; கத்திக்கு அதுவும் பணியும். கீறல் விழுந்ததா என்பதோடு நிறுத்தாமல், கீறலுக்குள் என்ன இருக்கிறது என்பதையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். என் துண்டில் கீறலின் இரு பக்கமும் கருமையான பொடி உதிர்ந்து கிடந்தது, பள்ளத்தின் விளிம்பு பொரிந்து சொரசொரப்பாக இருந்தது. தங்கத்தில் ஊசியை இழுத்தால் பொடி வராது. உலோகம் ஒதுங்கி, வழவழப்பான, பளிச்சிடும் பள்ளம் ஒன்று விழும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக என் மனைவியின் உடைந்த தோட்டின் உட்புறத்தில் ஊசி முனையால் மெல்ல இழுத்தேன். அந்த வேறுபாட்டைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு குழப்பமே வராது.

அடுத்தது உரைத்துப் பார்ப்பது. நகைக்கடைப் பத்தர்களிடம் இருக்கும் கறுப்பு உரைகல் தங்கத்தின் மாற்றைப் பார்ப்பதற்கு உரியது; கறுப்பின் மீது மஞ்சள் கோடு எடுத்துக் காட்டும். பைரைட்டின் பொடியோ கருமையானது, ஆகவே கறுப்புக் கல்லில் அது கண்ணுக்கே தெரியாது. இதை எனக்கு விளக்கியவர் மஸ்ஜித் இந்தியா பகுதியில் நெடுநாள் தொழில் செய்த ஒரு பத்தர். “தம்பி, எங்கள் கல் தங்கத்தை எடைபோடுகிற கல். தங்கம் இல்லாததைப் பார்க்க உங்களுக்கு வெள்ளைக் கல்தான் வேண்டும்” என்றார். அந்த வெள்ளைக் கல்லை வீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம். பீங்கான் மங்கைக் கவிழ்த்தால், அடியில் மெருகு பூசாத சொரசொரப்பான வளையம் ஒன்று தெரியும், அதுவே போதும். டைலின் பின்புறத்தையும் பயன்படுத்தலாம், ஆனால் அது வெள்ளைப் பீங்கானாக இருக்க வேண்டும். செம்மண் நிறத்து டைலில் எந்தக் கோட்டின் நிறமும் சரியாகத் தெரியாது.

மங்கின் அடி வளையத்தில் சதுரக் கட்டியின் விளிம்பை அழுத்தி இழுத்தேன்; மெல்லிய பச்சைச் சாயல் கொண்ட கருங்கோடு விழுந்தது. சால்கோபைரைட் துண்டும் பச்சை கலந்த கருமையையே விட்டது. வெளியே பொன்னிறமாக மின்னும் கல் உள்ளே கரிப்பொடியாக இருப்பதை இந்தச் சோதனை போல வேறெதுவும் தெளிவாகக் காட்டுவதில்லை. தங்கமாக இருந்தால் கோடும் தங்க நிறமாகவே, உலோக மினுக்கத்தோடு இருக்கும். இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. துருவேறிய முகத்தை உரைத்தால் மஞ்சள் பழுப்புக் கோடு வரும்; அது மினுங்காது, சுண்ணாம்பு போல மங்கிக் கிடக்கும். பித்தளையை உரைத்தாலோ மினுங்கும் மஞ்சள் கோடே வரும். வாய்க்காலில் பழைய குழாய்த் துண்டு கிடைப்பதும் சாத்தியம்தானே. பித்தளையைப் பிரித்துக் காட்டுவது அடர்த்திதான்.

அடர்த்தி காண 0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு வேண்டும். அதன் தாங்குதிறன் பெரும்பாலும் சில நூறு கிராம்தான் என்பதால், சிறிய பிளாஸ்டிக் குவளையில் கல் மூழ்கும் அளவு மட்டுமே தண்ணீர் எடுக்க வேண்டும். முதலில் உலர்ந்த கல்லின் எடையைக் குறித்துக்கொள்கிறோம். பிறகு தண்ணீர்க் குவளையைத் தராசில் வைத்து எண்ணைச் சுழியமாக்கி, கல்லை மெல்லிய நூலில் கட்டி, குவளையின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுவதும் மூழ்கும்படி கையால் தொங்கவிடுகிறோம். இப்போது தராசு காட்டும் கிராம், கல் விலக்கிய தண்ணீரின் எடை. ஒரு கிராம் தண்ணீர் ஏறக்குறைய ஒரு கன சென்டிமீட்டர் என்பதால், அதுவே கல்லின் கனஅளவும் ஆகிறது. உலர்ந்த எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும்.

சதுரக் கட்டி 18.42 கிராம் எடை; தண்ணீரில் தராசு காட்டியது 3.71. வகுத்தால் 4.97 வருகிறது, பைரைட்டின் அடர்த்தி ஏறக்குறைய 5. அதே எடையில் தூய தங்கமாக இருந்திருந்தால், அடர்த்தி 19.3 என்பதால், தராசு 0.95 மட்டுமே காட்டியிருக்கும். வெள்ளி கலந்த இயற்கைத் தங்கமானாலும் 1.2-க்குப் பக்கத்தில்தான் நிற்கும். சால்கோபைரைட் துண்டு 9.66 கிராம், தண்ணீரில் 2.30, அடர்த்தி 4.20. அதற்கும் இதுவே உரிய எண். பித்தளை என்றால் எட்டரைக்கு அருகில் வந்திருக்கும். கவனிக்க வேண்டியவை இரண்டே. கல்லில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கனஅளவு கூடுதலாகத் தெரிந்து அடர்த்தி குறையும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டால் குமிழி நிற்காது. கல் அடியைத் தொட்டுவிட்டால் தராசு எண் சட்டென்று ஏறும். அந்த எண்ணை எடுத்துக்கொள்ளக் கூடாது.

குவார்ட்ஸ் கல்லில்தான் இந்த முறை கைவிரித்தது. எடை 31.20, தண்ணீரில் 11.45, அடர்த்தி 2.72. வெறும் குவார்ட்ஸ் 2.65. ஆகவே கனமான ஏதோ உள்ளே இருக்கிறது என்பது உறுதி. ஆனால் என்ன என்பதை எண் சொல்லாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கல்லுக்குள் 1.8 கிராம் பைரைட் இருந்தாலும் 2.72 வரும், 1 கிராம் தங்கம் இருந்தாலும் 2.72 தான் வரும். கலந்த கல்லின் அடர்த்தியை வைத்துக்கொண்டு ‘கொஞ்சம் கூடுதலாக இருக்கிறதே, தங்கம்தான்’ என்று நம்புகிறவர்களுக்கு இந்த ஒரு கணக்கைக் காட்டினாலே போதும்.

அங்கே கைகொடுத்தது உடைத்துப் பார்க்கும் சோதனை. கல்லை ஈரத்துணியில் இறுகச் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்கு முகக்கவசமும் அணிந்து, சுத்தியலால் மெல்லத் தட்டினேன். குவார்ட்ஸ் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் ஈரத்துணியை விடவே கூடாது. வெளியே வந்த மஞ்சள் மணிகளைச் சிறு இடுக்கியால் எடுத்து, கவிழ்த்த இரும்புத் தோசைக்கல்லின் மீது ஒவ்வொன்றாக வைத்து ஊசி முனையால் அழுத்தினேன். பெரும்பாலானவை ‘டக்’ என்று தெறித்துச் சில்லுகளாயின. சில்லுகளை நசுக்கினால் கருந்தூள். அவை பைரைட். தட்டையான சில துணுக்குகள் ஊசிக்கு வளைந்து, விட்டதும் நிமிர்ந்து, ஓரத்தில் ஏடு ஏடாகப் பிரிந்தன. அவை காக்காப்பொன் எனப்படும் அப்பிரகம். துருப்பிடித்த பொந்து ஒன்றிலிருந்து வந்த, கடுகில் பாதி அளவே இருந்த ஒரு மணி மட்டும் உடையவில்லை. ஊசி முனை பதிந்த இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது. சுத்தியலால் தட்டியபோது அது நசுங்கித் தகடாக விரிந்தது, நிறம் மாறவில்லை. நிழலில் வைத்தாலும் வெயிலில் வைத்தாலும், எந்தப் பக்கம் சாய்த்தாலும் அதே மஞ்சள். தகட்டை ஊசியால் மடித்தேன். மடிந்ததே தவிர முறியவில்லை.

அந்த மணியை என் தராசு எடைபோடாது. அவ்வளவு சிறிய பொருளுக்கு 0.01 கிராம் தராசில் அடர்த்தி காண்பது பயனற்றது. ஆகவே மிச்சத் தூள் முழுவதையும் அகன்ற தட்டில் தண்ணீர் விட்டு, ஈயம் அலசுகிறவர்கள் டூலாங் தட்டைச் சுழற்றுவது போலச் சுழற்றி அலசினேன். குவார்ட்ஸ் முதலில் ஓடியது, பிறகு பைரைட் தூள் நகர்ந்தது. நான் வேண்டுமென்றே திரும்பப் போட்ட அந்தத் தகடும், அதைவிடச் சிறிய இன்னொரு மஞ்சள் பொட்டும், கடைசி வரை தட்டின் விளிம்பில் நகராமல் நின்றன. அந்த இரண்டாவது பொட்டும் ஊசிக்குக் குழிந்தது. ஆக, இரண்டும் தங்கம்தான்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். பைரைட் என்று உறுதியான கட்டியிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணளவில் தங்கம் அடங்கியிருக்கலாம். தங்கச் சுரங்கங்களில் அப்படிப்பட்ட தாது உண்டு. அதை ஊசியும் மங்கும் தராசும் காட்டாது. ஆய்வகத்தில் உருக்கிச் சோதித்தால்தான் தெரியும். வீட்டு அடுப்பில் சுட்டுப் பார்க்கும் எண்ணமே வேண்டாம். பைரைட்டிலிருந்து கந்தகப் புகை வரும். ரவுப் பகுதியின் தாதுவில் ஆர்சனிக் கலந்த கனிமமும் சேர்ந்து வருவதால், அதன் புகை நஞ்சாகும். மாமாவுக்குத் தொலைபேசியில் முடிவைச் சொன்னபோது அவர் கேட்டது, சதுரக் கட்டியை என்ன செய்வது என்பதைத்தான். ஈரம் படாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் மெல்ல மெல்லத் துருவேறி உதிர்ந்துவிடும் என்று சொல்லி, அடுத்த வாரமே அனுப்பிவைத்தேன்.