ஆறரை மணி நேரப் பதிவு, மூன்று நிமிடக் கதை

சித்தப்பா பெண்ணின் கல்யாணம் கும்பகோணத்தில் நடந்தது. கையில் ஒரு கேமரா, மண்டபத்தின் பின்பக்கம் ஸ்டாண்டில் இன்னொன்று. இரண்டிலும் சேர்த்து ஆறரை மணி நேரப் பதிவு தேறியது.

முதலில் ஜானவாசம், மாலை மாற்றுதல், ஊஞ்சல், தாலி, பந்தி என்று நடந்த வரிசையிலேயே அடுக்கினேன். மூன்று நிமிடத்துக்குள் அடக்கியதும் ஒவ்வொன்றுக்கும் முப்பது, நாற்பது வினாடிதான் கிடைத்தது. தாலி கட்டுவதும் ஜானவாசக் காரும் ஒரே எடையில் ஓடின. பார்த்த சித்தி, "ஆல்பம் நன்றாக வந்திருக்கிறது" என்றாள்.

அடுத்த முறை திரையை மூடிவிட்டு ஒலியை மட்டும் கேட்டேன். ஊஞ்சல் பாட்டுக்குப் பின்னால், வாசலில், மேடையோரத்தில் என்று எங்கே பார்த்தாலும் சித்தப்பாவின் குரல்: "சாப்பிட்டீர்களா?" நாதஸ்வரக்காரரிடம், கார் ஓட்டி வந்தவரிடம், என்னிடம். எண்ணினேன், பதினொரு முறை. அவரோ கன்னிகாதானம் முடியும்வரை விரதம். கதை அங்கேயே கிடந்திருக்கிறது. நான்தான் பட்டுப்புடவைகளில் தேடிக்கொண்டிருந்தேன்.

பிறகு எதை வைப்பது என்பதில் குழப்பமில்லை. அவர் இல்லாத காட்சி போகலாம். ஜானவாசம் முழுவதும் போயிற்று. ஊஞ்சல் தப்பியது, அதன் ஓரத்தில் அவர் குரல் கேட்பதால் மட்டும்.

சிக்கல் தாலியில் வந்தது. எங்கள் வழக்கப்படி பெண் அப்பாவின் மடியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் தாலி ஏறும். எனக்கு வேண்டியது அவர் முகம். கைக் கேமராவில் இருந்ததோ மாப்பிள்ளையின் முதுகும் அட்சதைக் கைகளும். மேடை முழுவதையும் எடுத்த ஸ்டாண்டு கேமராவில் அந்த முகம் சின்னதாக இருந்தது. அது 4கே பதிவு, நான் வெட்டுவது 1080 அளவில். அதனால் இரு மடங்குவரை பெரிதாக்கினாலும் மங்கவில்லை. கேமராக்களின் கடிகாரங்கள் ஒத்துப்போகாததால், கெட்டிமேளம் தொடங்கும் இடத்தில் ஒலி வரைகோடு திடீரென்று உயர்வதைப் பார்த்து இரண்டையும் பொருத்தினேன். மேளச் சத்தத்தில் கைக் கேமராவின் ஒலி கரகரத்துவிட்டது. தூரத்து ஒலியையே வைத்துக்கொண்டேன். நாதஸ்வரத்தை நடுவில் வெட்டினால் காதில் உறுத்தும் என்பதால் அதை நாற்பது வினாடி அறுக்காமல் ஓடவிட்டு, மேலே படங்களை மட்டும் மாற்றினேன்.

தாலியை முதலில் 2:40இல் வைத்திருந்தேன். அதற்குப் பின் எதற்கும் இடமில்லை. எல்லாக் கல்யாண வீடியோவும் போல முடிந்தது. 1:50க்குக் கொண்டுவந்தேன். கெட்டிமேளம் ஓய்ந்ததும் இசையே கிடையாது. இலை எடுக்கும் சத்தம், காலி நாற்காலிகள், கடைசிப் பந்தியில் சித்தப்பா. மடிசாரோடு வந்த பெண் அவர் இலையில் சாதம் போடுகிறாள். அவள் ஏதோ கேட்பது தெரிகிறது, மின்விசிறிச் சத்தத்தில் வார்த்தை கேட்கவில்லை. எழுத்தில் போடலாமா என்று யோசித்தேன். போடவில்லை.

இப்போது 3:14 ஓடுகிறது. இன்னும் பதினான்கு வினாடி குறைய வேண்டும். அத்தை வரும் ஒரே காட்சி பன்னிரண்டு வினாடி. அதில் சித்தப்பா இல்லை.