விடை 85° சரி, ஆனாலும் தாள் திரும்பி வந்தது

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் ஒரு வடிவியல் தாள் கொடுத்தார்கள். எட்டுக் கணக்குகள், எல்லாமே முக்கோணக் கோணங்களும் இணைகோடுகளும்தான். தாளின் நடுவில் ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் ‘படி’, வலப்பக்கம் ‘காரணம்’ என்று அச்சடித்திருந்தது. இரண்டு முறை திரும்பி வந்து, மூன்றாவது முறைதான் டீச்சர் கையெழுத்துப் போட்டார். விடைகளில் பெரும்பாலும் தப்பில்லை. வலப்பக்கக் கட்டத்தில் சிவப்பு மையில் ‘காரணம்?’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் பதினோரு இடத்தில் இருந்தது. என்ன காரணம் விட்டுப்போனது, எழுதியதில் என்ன போதவில்லை என்று ஒரு வரிகூட இல்லை. பிள்ளை அழுதுகொண்டே வந்தாள். எனக்கு இன்னும் ஆறவில்லை. இதே மாதிரித் தாளோடு உட்கார்ந்திருக்கும் வீடுகள் இருக்கும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் நான்கு கணக்குகளை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டாள். அவற்றில் வெட்டுப்பட்டது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான்: காரணம் என்ற இடத்தில் ‘கூடுதல் 180°’ என்று மட்டும் எழுதியிருந்தாள். முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினாலும் 180° வரும். நேர்கோட்டின் மேல் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கோணங்களைக் கூட்டினாலும் 180° வரும். இணைகோடுகளுக்குள், குறுக்குவெட்டியின் ஒரே பக்கத்தில் இருக்கும் இரண்டு உட்கோணங்களுக்கும் அதே 180°தான். எந்த 180° என்று சொல்லாவிட்டால் அது காரணமாகாது. ‘△ABC-இன் கோணங்களின் கூடுதல் 180°’ என்று முக்கோணத்தின் பெயரோடு எழுதிய பிறகு அந்த இடங்களில் கேள்விக்குறி வரவில்லை.

எங்களைப் படுத்தியது ஐந்தாவது கணக்கு. மேலே AB, கீழே CD, இரண்டும் இணை. B, D இரண்டும் வலது ஓரம். கோடுகளுக்கு நடுவே, இடப்பக்கம் தள்ளி E என்று ஒரு புள்ளி. B-இலிருந்து E-க்கு ஒரு கோடு, E-இலிருந்து D-க்கு ஒரு கோடு. ∠ABE = 35°, ∠CDE = 50°. ∠BED எவ்வளவு?

படத்தைப் பார்த்ததும், “அம்மா, நடுவுல ஒரு கோடு போட்டா வந்துடும்” என்றாள். சரியான யோசனை. E வழியாக வலப்பக்கம் F வரை ஒரு கோடு இழுத்தாள். ∠BEF = 35°, ஒன்றுவிட்ட கோணங்கள். ∠FED = 50°, ஒன்றுவிட்ட கோணங்கள். கூட்டினால் 85°. மூன்றே வரி. விடை சரி. எட்டு மதிப்பெண்ணில் மூன்றுதான் கிடைத்தது.

நானும் பத்தாவது வரை தமிழ்வழியில் படித்தவள்தான். அந்த மூன்று வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், என்ன குறை என்று பிடிபடவில்லை. இரவு பத்து மணிக்கு, கல்லூரியில் கணக்கு நடத்தும் என் பெரியப்பா மகனுக்குப் போன் போட்டேன். அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “EF எதுக்கு இணைன்னு எங்கம்மா எழுதியிருக்கு?”

எங்கேயும் எழுதவில்லை. மனதுக்குள் இணையாகத்தான் இழுத்தாள், ஆனால் தாளில் அது வெறும் கோடு. இணை என்று சொல்லாத கோட்டை வைத்து ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்று சொல்ல முடியாது. அதோடு இரண்டாவது சமன்பாட்டுக்கு EF, CD-க்கும் இணையாக இருக்க வேண்டும். நாம் இழுத்தது AB-க்கு இணையாக மட்டும்தான். CD-க்கும் இணை என்பது தானாக வந்துவிடாது, அதற்குத் தனியாக ஒரு படி வேண்டும். அண்ணன் சொல்லச் சொல்ல அவள் மறுபடி எழுதினாள்:

AB ∥ CD — கொடுக்கப்பட்டது
E வழியாக EF ∥ AB வரைக — அமைப்பு
EF ∥ CD — ஒரே கோட்டுக்கு இணையான கோடுகள் தமக்குள் இணை
∠BEF = ∠ABE = 35° — ஒன்றுவிட்ட கோணங்கள், EF ∥ AB, குறுக்குவெட்டி BE
∠FED = ∠CDE = 50° — ஒன்றுவிட்ட கோணங்கள், EF ∥ CD, குறுக்குவெட்டி ED
∠BED = ∠BEF + ∠FED = 85° — அடுத்துள்ள கோணங்கள்

மூன்று வரி ஆறு வரியானது. புதிதாக எந்தக் கணக்கும் போடவில்லை. ஏற்கெனவே மனதில் வைத்திருந்ததைத்தான் தாளில் இறக்கினோம். ஒன்றுவிட்ட கோணம், ஒத்த கோணம் என்று எழுதும்போதெல்லாம் எந்த இரண்டு கோடுகள் இணை, எது குறுக்குவெட்டி என்று பக்கத்திலேயே எழுதும் பழக்கத்தை அன்றைக்கே ஏற்படுத்திவிட்டேன். அப்படி எழுதப்போனால்தான், “இது இணைன்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே” என்று அவளுக்கே தெரிகிறது.

ஆறாவது கணக்கில் நடந்தது வேறு விதமான தப்பு. இது டீச்சர் வெட்டியது முழுக்க நியாயம். PQ, RS என்று இரண்டு கோடுகள், ஒரு குறுக்குவெட்டி. உள்ளே, ஒரே பக்கத்தில் 68°, 112°. PQ ∥ RS என்று நிறுவ வேண்டும். அவள் எழுதியது: ‘68° + 112° = 180°, ஏனெனில் PQ ∥ RS. ஆகவே PQ ∥ RS.’ எதை நிறுவச் சொன்னார்களோ அதையே காரணமாகப் போட்டுவிட்டாள். 68-ஐயும் 112-ஐயும் கூட்டினால் 180 வருவதற்கு இணைகோடு எதற்கு? அது வெறும் கூட்டல். ‘ஒரே பக்க உட்கோணங்களின் கூடுதல் 180° எனில் கோடுகள் இணை’ என்பதுதான் அங்கே எழுத வேண்டிய காரணம்.

இரண்டு வாக்கியமும் காதுக்கு ஒரே மாதிரிதான் கேட்கும். கோடுகள் இணை என்றால் கூடுதல் 180° என்பது ஒன்று. கூடுதல் 180° என்றால் கோடுகள் இணை என்பது இன்னொன்று. யூக்ளிட் தன் முதல் புத்தகத்தில் இவற்றைத் தனித்தனியாகத்தான் நிறுவியிருக்கிறார் என்று அண்ணன் சொன்னார். கோணங்களிலிருந்து இணைக்குப் போவது 27, 28ஆம் கூற்றுகள், இணையிலிருந்து கோணங்களுக்கு வருவது 29ஆம் கூற்று. இணைகோடுகளைப் பற்றிய அவருடைய ஐந்தாவது எடுகோள் முதன்முதலில் தேவைப்படுவதே அந்த 29-இல்தானாம். முக்கோணத்தின் கூடுதல் வருவது அதற்கும் பிறகு, 32-இல். இதைக் கேட்ட பிறகு என் மகள் ஒவ்வொரு கணக்கிலும் முதலில் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்கிறாள்: இணை என்பது கையில் இருக்கிறதா, இல்லை இனிமேல்தான் வர வேண்டுமா? கையில் இருந்தால் காரணம் ஒரு மாதிரி, வர வேண்டியதாக இருந்தால் வேறு மாதிரி.

அப்புறம் ஏழாவது கணக்கு. ஒரு சாயங்காலம் முழுக்க வீணாய்ப் போனது இதில்தான். முக்கோணம் ABC. AB மேல் D, AC மேல் E. DE-யைச் சேர்த்திருக்கிறார்கள். ∠A = 55°, ∠ADE = 62°. ∠ACB காண்க. உள்ளே இருக்கும் சின்ன முக்கோணத்தில் ∠AED = 180° − 55° − 62° = 63° என்பது உடனே வந்துவிட்டது. அதற்கு மேல் நகரவில்லை. DE-யும் BC-யும் பார்வைக்கு இணைதான். ஆனால் படத்தில் அம்புக்குறியும் இல்லை, கேள்வியில் இணை என்ற சொல்லும் இல்லை. ஏற்கெனவே இரண்டு முறை சிவப்பு மை வாங்கியவள். “பார்த்தா இணை மாதிரி இருக்குன்னு எழுத மாட்டேன்” என்று பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டாள்.

அவள் சொன்னதுதான் சரி. ஒரு வெள்ளைத் தாளில் அதே 55°, அதே 62° வைத்துச் சின்ன முக்கோணத்தை வரைந்தோம். B-யை ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு, C-யை மட்டும் AC மேல் கொஞ்சம் கீழே இறக்கிப் பார்த்தோம். கொடுத்த அளவுகள் எதுவும் மாறவில்லை, ∠ACB மட்டும் குறைந்துகொண்டே போனது. கொடுத்த தகவல் அப்படியே இருக்க, கேட்ட கோணம் மட்டும் மாறுகிறது என்றால் அந்தக் கணக்கில் ஏதோ ஒரு தகவல் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். கணக்கு வராமல் திணறும்போது இதைச் செய்து பாருங்கள். தப்பு பிள்ளையிடமா, தாளிலா என்று தெரிந்துவிடும்.

மறுநாள் வேலைக்கு இரண்டு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். டீச்சர் பயிற்சிக்குப் போயிருக்கிறார், வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். வேறு கணக்கு டீச்சரைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, “அவங்கவங்க தாளை அவங்கவங்கதான் பார்ப்பாங்க” என்று பதில். தாளை வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும், கேட்கவும் வெள்ளிக்கிழமைதான் வர வேண்டும் என்றால் எப்படி?

கடைசியில் பக்கத்துத் தெருவில் இருக்கும் அவள் தோழியின் தாளை வாங்கிப் பார்த்தோம். அதில் DE-யின் மேலும் BC-யின் மேலும் மங்கலாக ஓர் அம்புக்குறி இருந்தது. ஜெராக்ஸிலிருந்து ஜெராக்ஸ் எடுத்து எடுத்து, எங்கள் பிரதியில் அது அழிந்தே போயிருந்தது. அம்புக்குறி கிடைத்ததும் இரண்டே வரி: DE ∥ BC, கொடுக்கப்பட்டது. ∠ACB = ∠AED = 63°, ஒத்த கோணங்கள், குறுக்குவெட்டி AC. தாள் கைக்கு வந்ததும் முதலில் அம்புக்குறி, சமபக்கக் கோடு, செங்கோணக் கட்டம் எல்லாம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று வகுப்பிலேயே பக்கத்துப் பிள்ளையின் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தச் சின்னக் குறிகள்தான் ஜெராக்ஸில் முதலில் போகும்.

மூன்றாவது முறை எழுதும்போது ஐந்தாவது கணக்குக்கு அவளாகவே இன்னொரு வழி கண்டுபிடித்தாள். இணைகோடு வரையாமல், BE-யையே நீட்டி CD-யை G-இல் வெட்ட வைத்தாள். AB ∥ CD, குறுக்குவெட்டி BG, அதனால் ∠BGD = ∠ABG = 35°, ஒன்றுவிட்ட கோணங்கள். B, E, G ஒரே நேர்கோட்டில் இருப்பதால் ∠BED என்பது △EGD-இன் வெளிக்கோணம். வெளிக்கோணம் உள்ளெதிர்க் கோணங்களின் கூடுதலுக்குச் சமம்: 35° + 50° = 85°. “அம்மா, இதுல இணைக்கு இணை வரியே தேவையில்லை!” என்று துள்ளினாள். ஓரத்தில் அதையும் எழுதிக்கொண்டு போனாள். டீச்சர் அதற்கு ஒரு டிக் போட்டு, பக்கத்தில் ‘நன்று’ என்று எழுதியிருந்தார்.

எட்டாவது கணக்கில் மட்டும் அரை மதிப்பெண் இன்னும் வரவில்லை. ‘நேர்கோட்டின் மேல் அமைந்த கோணங்கள்’ என்று எழுதியிருந்தாள், பாடப்புத்தகத்தில் உள்ளபடி ‘நேரிய கோண இணைகள்’ என்று இருக்க வேண்டுமாம். பொருள் ஒன்றுதானே என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நேரிலேயே கேட்கப்போகிறேன்.